ரைஸ் குக்கருக்கு ஜன்னலோரம், மைக்ரோவேவுக்கு அலமாரியடி

குன்னூரில் எங்கள் சமையலறை மேடை எட்டடி நீளம். ஐந்தரை அடிக்கு மேலே அலமாரி தொங்குகிறது, மீதி இரண்டரை அடி ஜன்னல். மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், கெட்டில் மூன்றையும் வைக்க எனக்கு மூன்று வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் அலமாரிக்குக் கீழே வரிசையாக வைப்பது, இழுத்து வெளியே எடுக்கும் தட்டில் வைப்பது, அல்லது மைக்ரோவேவை அலமாரியடியில் விட்டு ஆவி விடும் இரண்டையும் ஜன்னலோரம் தள்ளுவது. கடைசி வழியில்தான் இப்போது இருக்கிறேன். அதற்கு முன் முதல் வழியில் இரண்டு வருடம் இருந்து கெட்டுப்போனேன்.

வரிசையாக வைத்தால் பார்க்க அழகு, பிளக்குகளும் அங்கேயே இருந்தன. வந்த வினை ஆவியால். டிசம்பர் காலையில் குக்கர் கொதித்தபின் அலமாரியின் அடிப்பலகையைத் தொட்டால் கை நனையும். முத்து முத்தாக நீர் கோத்து, ஓரத்துக்கு நகர்ந்து சொட்டும். இரண்டாம் குளிர்காலத்தில் ஓரப் பட்டை பிரிந்தது. உள்ளே இருந்த பார்ட்டிகிள் போர்டு டீயில் நனைத்த பிஸ்கட் போல உப்பிவிட்டது. ஆசாரி விரலால் அழுத்திக் காட்டினார். "தண்ணி மேலிருந்து ஒழுகலக்கா, கீழிருந்து ஏறியிருக்கு" என்றார்.

மேட்டுப்பாளையத்தில் தங்கையும் குக்கரை அலமாரியடியில்தான் வைத்திருக்கிறாள், அவள் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. வித்தியாசம் இரண்டு. அவள் வீட்டுப் பலகை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். எங்கள் பலகை விடியலில் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் கிடக்கிறது, ஆவி பட்டதும் நீராகிவிடும். இன்னொன்று, இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அரிசி வேக நேரமும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். தண்ணீர் வற்றி, பாத்திரத்தின் அடி சூடேறினால்தான் குக்கரின் சுவிட்ச் மேலே குதிக்கும். அதுவரை ஆவி வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அரிசியும் தண்ணீரும் சேர்த்து எடை போட்டு வைத்து, சாதம் ஆனபின் மறுபடி போட்டேன். 170 கிராம் குறைந்திருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர், தினமும், அந்தப் பலகையை நோக்கி.

இழுக்கும் தட்டு நல்ல யோசனைதான். நாத்தனார் வீட்டில் ஒரு வாரம் புழங்கினேன், அவ்வளவுதான் என் அனுபவம். முழுக்க வெளியே இழுத்தால் ஆவி நேரே மேலே போய்விடுகிறது. ஆனால் அந்த ஒரு வாரத்திலேயே இரண்டு முறை இழுக்க மறந்தோம். காலை ஆறரைக்கு யாருக்கு நினைவிருக்கும்?

மைக்ரோவேவ் ஆவியை அவ்வளவாக விடாது. அதற்கு வேண்டியது காற்று. கையேடுகள் பொதுவாக மேலே 20 முதல் 30 செ.மீ., பின்னால் 10 செ.மீ. வரை கேட்கின்றன. எங்கள் மேடைக்கும் அலமாரிக்கும் இடைவெளி 60 செ.மீ., பெட்டியின் உயரம் 26, மேலே 34 மிச்சம். இடைவெளி 45 செ.மீ. மட்டும் இருக்கும் வீட்டில் 19தான் மிஞ்சும், அங்கே நான் வைக்க மாட்டேன். ஒன்று மட்டும் கவனம்: உள்ளிருக்கும் விசிறி பக்கத்துத் துளைகள் வழியே காற்றை இழுக்கும், குக்கரை ஒட்டி வைத்தால் ஆவியையும் சேர்த்து இழுக்கும். இப்போது இரண்டுக்கும் நடுவே மூன்றடி.

ஜன்னலோரத்துக்கும் செலவு உண்டு. கெட்டில் 1500 வாட், 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. புதிதாக 16 ஆம்பியர் லைன் இழுக்க வேண்டியிருந்தது. குக்கருக்குத் தனி பிளக். ஒரே எக்ஸ்டென்ஷனில் இரண்டையும் மாட்டாதீர்கள். அப்புறம், ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைக்க வேண்டும். பனி உள்ளே வருகிறது என்று மாமியார் முணுமுணுப்பார், சாதம் வைக்கும் நேரம் மட்டும்தான் அத்தை என்று சமாளிக்கிறேன்.

கெட்டிலைப் பற்றிக் கொஞ்சம். அது தானாக நிற்பது தண்ணீரின் சூட்டைப் பார்த்தல்ல. ஆவி ஒரு சிறு துளை வழியே போய் சுவிட்சில் உள்ள உலோகத் தகட்டைச் சுட்டால்தான் நிற்கும். அதனால் மலையிலும் ஒழுங்காக நிற்கிறது. மூடி சரியாக மூடாவிட்டால் ஆவி வெளியே போய்விடும், தகடு சுடாது, கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். அப்படி ஒருநாள் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் வழிந்தது. துணியால் துடைத்தேன், போய்விட்டது. அலமாரியடியில் நடந்திருந்தால் மறுபடி ஆசாரியைக் கூப்பிட்டிருப்பேன்.