ஃபிரீசரில் ஆறு ஆண்டுகள்: ஹெட்செட் சொல்ல, செக் டிஜிட் நான் சொல்ல

ரொறன்ரோவை அடுத்த ஓர் உணவுப்பொருள் விநியோகக் களஞ்சியத்தில், மைனஸ் 25 பாகையில் இருக்கும் ஃபிரீசர் பகுதியில் ஆறு ஆண்டுகளாக இரவு வேலை செய்கிறேன். கடைகளுக்குப் போக வேண்டிய உறைந்த உணவுப் பெட்டிகளை, ஐல் எனப்படும் அடுக்குகளின் இடைவழி ஒவ்வொன்றாகச் சென்று எடுத்து, பலட் என்னும் தட்டுப் பலகையில் அடுக்கி, ஏற்றுமிடத்தில் கொண்டுபோய் விடுவது என் வேலை. கையில் காகிதமோ திரையோ கிடையாது. இடுப்புப் பட்டியில் ஒரு சிறு கருவியும், ஒரு காதை மட்டும் மூடும் ஹெட்செட்டும் உண்டு. அது சொல்வதைக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லியே எட்டு மணி நேரமும் கழிகிறது. இந்த முறையைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் குரல் அறிதலைத்தான் கேட்கிறார்கள். ஆறு ஆண்டு பழகிய பிறகு எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, ஒவ்வோர் இடத்திலும் நாம் வாயால் சொல்லும், செக் டிஜிட் எனப்படும் அந்த இரண்டு இலக்கங்கள்தான்.

உரையாடல் எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஐல் ஃபோர்ட்டீன்" என்று ஹெட்செட் சொல்லும். நான் அந்த ஐலுக்குள் நுழைந்து "ரெடி" என்றதும், "டூ த்ரீ சிக்ஸ்" என்று ஸ்லாட் எண்ணை, அதாவது சரக்கு இருக்கும் இடத்தின் எண்ணைச் சொல்லும். 236ஆம் ஸ்லாட்டின் குறுக்குச் சட்டத்தில் ஒரு லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஸ்லாட் எண்ணுக்குக் கீழே பெரிய எழுத்தில் 47 என்று இருக்கும். அதை வாசித்து "ஃபோர் செவன்" என்றால்தான் "பிக் த்ரீ" என்று எடுக்க வேண்டிய அளவு வெளிவரும். மூன்று பெட்டிகளைத் தூக்கி பலட்டில் வைத்துவிட்டு "த்ரீ" என்று சொன்னால் அடுத்த ஸ்லாட்டுக்குப் போகலாம். தவறான இலக்கங்களைச் சொன்னால், தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லி மறுக்கும். இந்தத் திருப்பிச் சொல்லல் மிகவும் பயனுள்ளது. நான் சொன்னதையே அது சொல்லி மறுத்தால் நான் நிற்கும் இடம் தவறு; நான் சொல்லாத ஒன்றைச் சொன்னால் அதன் காது தவறு.

செக் டிஜிட் என்ற பெயர் சிலரைக் குழப்பும். பார்கோடின் கடைசியில் வரும் சரிபார்ப்பு இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. ஸ்லாட் லேபிளில் இருப்பது அப்படிப்பட்டதல்ல. அது காரணமே இல்லாமல் ஒதுக்கப்பட்ட எண், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். லேபிளைப் பார்க்காமல் யாரும் அதை ஊகித்துவிடக் கூடாது என்பதே அதன் பயன். இரண்டு இலக்கங்களில் நூறு எண்கள்தான் கிடைக்கும். ஆகவே ஒன்பதாயிரம் ஸ்லாட்டுகள் உள்ள கட்டடத்தில் ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய தொண்ணூறு இடங்களில் திரும்ப வரும். அதில் குற்றம் இல்லை. 47 என்பது வேறு ஐலில் இருந்தால் என்ன? பக்கத்து ஸ்லாட்டிலும் எதிர்வரிசையிலும் இல்லாதிருந்தால் போதும், ஏனென்றால் மனிதர் தவறி நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

இந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டையை நான் என் தவறின் மூலமாகவே கற்றுக்கொண்டேன். 236இல் வனிலா ஐஸ்கிரீம் இருந்தது. அதற்கு அடுத்த 238இல் பிரெஞ்ச் வனிலா. அதே நிறுவனம், அதே நீலப் பெட்டி, பெயரில் மட்டும் ஒரு சொல் கூடுதல். அதன் செக் டிஜிட் 82. வனிலா வேகமாக விற்கும் சரக்கு என்பதால் இரவுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது அந்த ஸ்லாட்டுக்குப் போவேன். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், "டூ த்ரீ சிக்ஸ்" என்று காதில் விழுந்ததும் "ஃபோர் செவன்" என்று வாய் தானாகவே சொல்லத் தொடங்கிவிட்டது. கண் லேபிளுக்குப் போவதே இல்லை. ஐலின் வாசலிலேயே சொல்லி அளவையும் வாங்கிக்கொண்டு, பலட்டைச் சுமக்கும் வண்டியான ஜாக்கை ஓட்டிக்கொண்டு போய் எடுப்பேன். வேகக் கணக்கில் என் பெயர் மேலே இருந்தது. ஒருநாள் ஜாக்கை ஒரு பலட் அகலம் தாண்டி நிறுத்திவிட்டு, 238இலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்து அடுக்கி, "த்ரீ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். கருவியைப் பொறுத்தவரை எல்லாம் சரி: இடம் உறுதி, அளவு உறுதி.

கடையிலிருந்து புகார் வந்தது. இருப்பை எண்ணிப் பார்த்தபோது 236இல் மூன்று பெட்டி கூடுதல், 238இல் மூன்று பெட்டி குறைவு. அடுத்தடுத்த இரண்டு ஸ்லாட்டுகளில் ஒரே அளவு, ஒன்றில் மிகுதி, மற்றதில் குறைவு என்று கண்டால், அது திருட்டோ எண்ணும் தவறோ அல்ல, இடம் மாறி எடுத்ததே என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எங்கள் மேற்பார்வையாளர் என்னை உட்காரவைத்து அன்றைய பதிவைக் காட்டினார். ஸ்லாட் எண் சொல்லப்பட்ட நேரத்துக்கும் நான் செக் டிஜிட் சொன்ன நேரத்துக்கும் இடையில் ஒரே ஒரு நொடி. அதற்கு முந்தைய எடுப்பு ஐலின் மறுமுனைக்கு அருகில் நடந்திருந்தது. அங்கிருந்து 236க்கு வரப் பதினைந்து நொடியாவது வேண்டும். "நீங்கள் லேபிளைப் பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கு மறுமொழி இல்லை. அதே பதிவில் என்னோடு வேலை செய்யும் மற்றவர்களின் நேரங்களும் அப்படித்தான் இருந்தன என்பது பிறகு தெரிந்தது. நொடிக்கணக்கில் வேகம் அளக்கப்படும் இடத்தில் மனப்பாடம் தானாக வளரும். ஆகவே இதைத் தனி ஒருவரின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு அறிவுரை மருந்தாகாது. லேபிளை மாற்றுவதுதான் மருந்து. ஐலில் வேலை இல்லாத ஒரு ஞாயிறு இரவில், வேகமாக விற்கும் சரக்குகள் உள்ள ஸ்லாட்டுகளுக்கெல்லாம் புதிய எண்களை ஒட்டினார்கள். பழைய லேபிள் எங்காவது விடுபட்டிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்படி புதியவை மஞ்சளில் இருந்தன. புதிய எண்களைக் கணினியில் ஏற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் ஒரே இரவில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் சரியாக வாசிப்பவரும் மறுக்கப்படுவார். முதல் இரண்டு வாரங்கள் எங்கள் எல்லோருடைய வேகமும் விழுந்தது. வாய் பழைய எண்ணைச் சொல்ல, கருவி மறுக்க, அதன் பிறகே தலை நிமிர்ந்து லேபிளைப் பார்த்தோம். இப்போது அந்த ஸ்லாட்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண் மாறுகிறது. நாளுக்கு ஒரு தடவை மட்டும் போகும் ஸ்லாட்டுகளை அவ்வளவு அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை, அவை மனத்தில் அவ்வளவு எளிதாகத் தங்குவதில்லை.

எண்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். முதல் மாற்றத்தில் ஒரு வரிசைக்கு 31, 32, 33 என்று தொடராகப் போட்டுவிட்டார்கள். ஒன்றைப் பார்த்தால் அடுத்ததைப் பார்க்கத் தேவையே இல்லை. இன்னோரிடத்தில் 236க்கு 36 என்று விழுந்திருந்தது. ஸ்லாட் எண்ணின் வாலையே திருப்பிச் சொன்னால் கதவு திறந்துவிடுகிறது. 47ம் 74ம் அருகருகே இருப்பதும் நல்லதல்ல, களைத்த கண் இலக்கங்களை இடம் மாற்றி வாசிக்கும். இவற்றை எழுதிக் கொடுத்தோம், அடுத்த முறை திருத்தினார்கள்.

குரல் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கருவி ஒவ்வொருவரின் குரலையும் தனியாகப் பழகிக்கொள்ளும் வகை. முதல் நாளில் பூச்சியம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களையும் சில கட்டளைச் சொற்களையும் பல தடவை சொல்லிப் பதிய வேண்டும். நம் உச்சரிப்பு பிழை என்று அது நினைப்பதில்லை. நாம் பதிந்ததைப் போலவே எப்போதும் சொல்கிறோமா என்பதைத்தான் பார்க்கிறது. நான் செய்த பிழை, சூடான அலுவலக அறையில் உட்கார்ந்து, முகமூடி இல்லாமல் பதிந்தது. ஃபிரீசருக்குள் வாயை மூடிய கம்பளித் துணியும், காற்றாடிகளின் இரைச்சலும், குளிரில் இறுகிய தாடையும் சேர்ந்தபோது என் "ஃபைவ்" அதற்கு "நைன்" ஆகிவிட்டது. "ஃபை" என்பதில் உள்ள காற்றொலி துணியில் அடங்கிவிட, எஞ்சியது இரண்டுக்கும் பொதுவான "ஐ" ஒலிதான். ஒரு மாதம் கத்திக் கத்திச் சொன்னேன், தொண்டை புண்ணானதுதான் மிச்சம். பிறகு என்னோடு வேலை செய்த ஓர் அண்ணை, "தம்பி, உள்ளுக்கு நிண்டு, முகத்தை மூடிக்கொண்டு அந்த ரெண்டு சொல்லை மட்டும் திரும்பப் பதியும்" என்றார். பத்து நிமிட வேலை, அன்றோடு தீர்ந்தது.

சொல்லாத இலக்கத்தைக் கருவி தானாகக் கேட்கத் தொடங்கினால் காரணம் வேறு. வேலை தொடங்கும்போது சில நொடிகள் பேசாமல் நிற்கச் சொல்லி அது சுற்றுப்புற இரைச்சலை அளந்துகொள்ளும். ஏற்றுமிடத்தின் அமைதியில் அளந்துவிட்டு ஃபிரீசருக்குள் போனால் காற்றாடியின் ஒலி அதற்குப் பேச்சாகப் படலாம். உள்ளே நின்று மறுபடி அளக்கவைத்தால் சரியாகும். அப்படியும் அடங்காவிட்டால் மைக்கின் பஞ்சுறையைப் பாருங்கள்: மூச்சின் ஈரம் அதில் உறைந்து, விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று நொறுங்கும். நான் சட்டைப்பையில் உலர்ந்த உறை இரண்டு வைத்திருக்கிறேன்.

செக் டிஜிட்டால் முடியாத ஒன்றும் உண்டு. அது இடத்தைத்தான் உறுதி செய்கிறது, அங்கே இருக்கும் சரக்கை அல்ல. பலட்டுகளை ஸ்லாட்டில் வைக்கும் ரீச் டிரக்கை ஓட்டுபவர் பட்டாணிப் பலட்டை மக்காச்சோள ஸ்லாட்டில் இறக்கிவிட்டால், லேபிளை ஒழுங்காக வாசிக்கும் பத்துப் பேரும் பட்டாணியைத்தான் எடுப்பார்கள், கருவி ஒருவரையும் தடுக்காது. அப்படி ஓர் இரவு நடந்து, விடியும் நேரத்தில்தான் பிடிபட்டது. "டிஸ்கிரிப்ஷன்" என்று கேட்டால் எங்கள் கருவி சரக்கின் பெயரைச் சொல்லும். புதிதாக நிரப்பிய பலட்டின் நெகிழித் தாள் கிழியாமல் இருப்பதைக் கண்டால், முதல் பெட்டிக்கு முன் நான் அதைக் கேட்டுவிடுகிறேன்.

இப்போது ஜாக்கை நிறுத்தி, கையுறையால் லேபிளின் உறைபனியைத் துடைத்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். என் வேகம் முன்பைவிடச் சற்றுக் குறைவு; கடைகளிலிருந்து என் பெயரில் வரும் புகார்கள் அதைவிடக் குறைவு. கடந்த மாதம் 236இன் லேபிள் மறுபடி மாறியது. இன்றைய எண் 61; அதை இன்னும் வாசித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.