கூலி மேஸ்திரியா, மெட்டீரியலோட கான்ட்ராக்டரா? கோபியில் ஒரு வீட்டுக்கு ஆள் பார்த்தபோது

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் என் மச்சான் 900 சதுர அடியில் வீடு கட்ட இரண்டு பேரிடம் பேசினார். ஒருவர் எட்டு ஆட்களை வைத்திருக்கும் மேஸ்திரி. கூலி மட்டும் சதுர அடிக்கு 500 ரூபாய், பொருள் எல்லாம் நம்முடையது. இன்னொருவர் ஈரோட்டுக் கான்ட்ராக்டர். மெட்டீரியலோட 2,250.

ரேட்டைப் பார்த்து யாரையும் முடிவு செய்ய முடியவில்லை. சதுர அடியை இரண்டு பேரும் இரண்டு விதமாக எண்ணினார்கள். மேஸ்திரி போர்ட்டிகோவின் 100 சதுர அடியையும் சேர்த்து 1,000 என்றார், ஆக கூலி 5 லட்சம். கான்ட்ராக்டர் போர்ட்டிகோவைச் சேர்க்கவில்லை. ஆனால் செப்டிக் டேங்க், தண்ணித் தொட்டி, மாடிப்படி மேல் கூரை எல்லாம் தனிக்கணக்கு என்று எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அதனால் சைட் பார்க்கக் கிளம்பினோம். இரண்டு பேரும் முதலில் புதுப் பெயின்ட் அடித்த வீட்டைத்தான் காட்டினார்கள். பெயின்ட்டுக்குப் பின்னால் எதுவும் தெரியாது. இரண்டு ஐப்பசி மழையாவது பார்த்த வீடு வேண்டும் என்று கேட்டு வாங்கினோம்.

மேஸ்திரியின் பழைய வீட்டில் பாத்ரூமின் வெளிச்சுவரைத்தான் முதலில் பார்த்தேன். உள்ளே தண்ணி இறங்கினால் அங்கேதான் பெயின்ட் உப்பி வெள்ளை பூத்திருக்கும். ஒன்றும் இல்லை. சாவியால் பூச்சைத் தட்டியதில் ஒரு ஜன்னலுக்குக் கீழே மட்டும் டொப்பென்று காலிச் சத்தம். கான்ட்ராக்டரின் வீட்டில் பூச்சு கண்ணாடி போல இருந்தது. ஆனால் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஒரு வெடிப்பு. அந்தச் சேர்மானத்தில் கோழிவலை வைத்துப் பூசாமல் விட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். வீடு விழாது, ஆனால் எத்தனை தடவை பட்டி பார்த்தாலும் அந்தக் கோடு திரும்ப வரும்.

வேலை நடக்கும் சைட்டுக்குச் சொல்லாமல் போனோம். மேஸ்திரியின் சைட்டில் கான்கிரீட் போட்டு நாலு நாள் ஆன மாடியில் பாத்தி கட்டித் தண்ணி நின்றது. கான்ட்ராக்டரின் சைட்டில் தூணுக்குச் சாக்கு சுற்றியிருந்தது, பதினோரு மணி வெயிலில் காய்ந்து கிடந்தது. கூரைக் கம்பிக்கு அடியில் இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் இல்லை, ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கல் நகர்ந்தால் கம்பி, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிவிடும். சில வருஷத்தில் கூரைக்கு அடியில் துருக்கோடு விழும்.

நான் கேட்டதில் பலன் தந்த கேள்வி ஒன்றே ஒன்று: "சென்ட்ரிங் பலகை யாருது, எத்தனை நாள்ல பிரிப்பீங்க?" கான்ட்ராக்டருக்கு வாடகைப் பலகை. எல்லா ரூமுக்கும் ஏழு நாள் என்றார். மேஸ்திரிக்குச் சொந்தப் பலகை. பிளானைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ஹாலு பதினாறு அடி வருதுங்களே, அதுக்கு மட்டும் பதினாலு நாள் முட்டு நிக்கட்டும்" என்றார். இந்தியத் தர விதி IS 456-ம் அதையேதான் சொல்கிறது: 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. பதினாறு அடி என்பது 4.88 மீட்டர். அது சாதா சிமென்டுக்கான கணக்கு, சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்றால் இன்னும் சில நாள் விடுவது நல்லது.

இதோடு மேஸ்திரி ஜெயித்துவிட்டார் என்று நினைத்தால், அவருடைய பழைய வீட்டுக்காரம்மா அதைக் கலைத்தார். "வேலை நல்லா செய்வாருங்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எத்தனை நாள் வேலை நின்னுச்சுங்க?" என்று கேட்டோம். பூச்சு சமயத்தில் மூணு வாரம் ஆளே வரவில்லையாம், வேறு சைட்டுக்குப் போய்விட்டார்களாம். கான்ட்ராக்டரின் பழைய வீட்டுக்காரர், சொன்ன தேதிக்குப் பத்து நாள் தள்ளிச் சாவி கொடுத்தார் என்றார். கான்ட்ராக்டர் சிமென்ட் வாங்கும் கடையிலும் விசாரித்தோம், பாக்கி நிற்காத ஆள்தான். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு கட்டுகிறவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. அப்படி வெளியூரில் இருந்தால், கோழிவலையையும் கவர் பிளாக்கையும் எஸ்டிமேட்டில் எழுதி வாங்கிக்கொண்டு நான் கான்ட்ராக்டரிடமே கொடுப்பேன்.

மச்சான் வீடோ சைட்டுக்கு அடுத்த காடு. காலையில் தண்ணி விடவும் மூட்டை எண்ணவும் மாமா இருக்கிறார். அதனால் மேஸ்திரிதான், ஆனால் பணத்தில் கடிவாளம் போட்டு. சனிக்கிழமை சம்பளம் வாரா வாரம் போகும். ஆனால் கூரை வரைக்கும் மொத்தம் 3.25 லட்சத்தைத் தாண்டாது. பூச்சு முழுசாக முடியும்போது ஒரு லட்சம். மீதி 75 ஆயிரம் தரை வேலைக்கும், முதல் மழைக்குப் பிறகு பாத்ரூம் சுவரைப் பார்ப்பதற்கும். மேஸ்திரி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "மழை வராத வருஷமா இருந்தா என்னங்க பண்றது?" என்றார். மார்கழி முடிய என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.