டிரெட்மில், கால்சியம் ஸ்கோர், சிடி ஆஞ்சியோ: எந்தக் கேள்விக்கு எது?

சம்பா அறுவடை முடிந்த தை மாதத்தில் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் வந்தார். வயது 52. மஞ்சள் பையிலிருந்து டிரெட்மில் ரிப்போர்ட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்திருக்கிறார், ஈசிஜியில் மாற்றமில்லை. "இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள் ஐயா, கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றார். அவருடைய தந்தை 54 வயதில் மாரடைப்பில் இறந்தவர். இவருக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 146. நெஞ்சுவலி என்று ஒருநாளும் படுத்ததில்லை.

அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. டிரெட்மில்லில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். இதயத்தின் தேவை ஏறும்போது ரத்தம் போதுமான அளவு போய்ச் சேருகிறதா என்பதைத்தான் அது பார்க்கிறது. வாய்க்காலில் பாதிக்கு வண்டல் படிந்திருந்தாலும் தண்ணீர் கடைமடை வரை வந்துவிடும். முக்கால்வாசி தூர்ந்தால்தான் பயிர் வாடும். ஆனால் மாரடைப்பு பெரும்பாலும் வேறு விதமாக வருகிறது. ஓட்டத்தைத் தடுக்காத ஒரு சிறிய கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. முந்தைய நாள் டிரெட்மில்லில் ஓடியவருக்கும் இது நேரலாம்.

அறிகுறி இல்லாத இவருடைய கேள்வி, மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பது. அதற்குக் கால்சியம் ஸ்கோர் என்ற சிடி ஸ்கேன் பொருத்தமானது. ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ஈசிஜி ஒயர்களை ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கிப் படுத்தால் போதும். கதிர்வீச்சும் குறைவு. ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பாக இறுகிய படிவுகளை எண்ணி ஒரு தொகை சொல்வார்கள். இவருக்கு 214 வந்தது. நூறைத் தாண்டினாலே ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையைத் தயங்காமல் கொடுக்கலாம். எல்டிஎல்லை 70-க்குக் கீழே கொண்டுவருவது என்று முடிவெடுத்தோம். பூஜ்யம் வந்திருந்தால்? சர்க்கரையும் சிகரெட்டும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் இளவயதில் மாரடைப்பு வராத ஒருவரென்றால் மாத்திரையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடச் சொல்லியிருப்பேன். தந்தையின் கதை இருப்பதால் இவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

"அப்படியானால் ஸ்டென்ட் வைக்க வேண்டுமா?" என்று பதறினார். வேண்டியதில்லை. படிவு எவ்வளவு என்பதைத்தான் 214 சொல்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு அடைப்பு என்று சொல்லாது. மேலும், 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நிலையான இதயநோயுடன் சோதனையில் கணிசமான ரத்தக் குறைவு தெரிந்த 5179 பேரைப் பார்த்தார்கள். முதலிலேயே ஸ்டென்ட், பைபாஸ் என்று போனதால் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது. வலியே இல்லாத இவருக்கு அந்த லாபமும் கிடையாது.

கூட வந்திருந்த மச்சினர் தனக்கும் அதே ஸ்கோரைக் கேட்டார். அவருக்கு 46 வயது, இருபது வருட சிகரெட். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் விடுகிறது. இவருக்குப் பூஜ்யம் வந்தாலும் நான் நம்பமாட்டேன். இந்த வயதில், அதுவும் புகைப்பவருக்கு, படிவு இன்னும் சுண்ணாம்பாகாமல் மென்மையாகவே இருக்கலாம். கால்சியம் ஸ்கோருக்கு அது தெரியாது. ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கும் சிடி ஆஞ்சியோவில் தெரியும்.

அதற்கான ஆயத்தம் கொஞ்சம் அதிகம். முதலில் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும், ஏனென்றால் கையில் ஏற்றும் அயோடின் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். நாடித்துடிப்பு அறுபதுக்குப் பக்கத்தில் இறங்க மாத்திரை கொடுப்பார்கள். துடிப்பு வேகமாக இருந்தால் படம் கலங்கிவிடும். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலிக்காரர்கள் 4146 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சிடி ஆஞ்சியோவும் எடுத்தவர்களில் இதயநோய் மரணமோ மாரடைப்போ ஐந்தாண்டில் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. படம் ரத்தக்குழாயைச் சரிசெய்துவிடாது. படிவைக் கண்ணால் கண்டபின் சரியானவர்களுக்குச் சரியான மாத்திரை போய்ச் சேர்ந்தது என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம்.

மச்சினரின் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது முன் இறங்கு குழாயின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 60 சதவீத அடைப்பு தெரிந்தது. இந்த இடைப்பட்ட அளவில்தான் டிரெட்மில் போன்ற அழுத்தச் சோதனைக்கு உண்மையான வேலை வருகிறது: ரத்த ஓட்டத்தை இந்த அடைப்பு தடுக்கிறதா? ஈசிஜி மட்டும் போதாது என்று உடற்பயிற்சியோடு எக்கோவும் எடுக்கச் சொன்னேன். உச்சத் துடிப்பிலும் இதயச் சுவர் எல்லாப் பக்கமும் நன்றாகச் சுருங்கியது. எனவே ஸ்டென்ட் இல்லை. ஆஸ்பிரின், ஸ்டாட்டின், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, சிகரெட்டுக்கு முழுத் தடை.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு நான் சிடி ஆஞ்சியோவை யோசித்தே எழுதுவேன். சுண்ணாம்பு மிகுந்த குழாயில் அந்தச் சுண்ணாம்பு படத்தில் பூத்து விரிந்து, அடைப்பை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். அவர்களுக்கு அழுத்தச் சோதனையே தெளிவான வழி. ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலித்துக் கால் மணி நேரமாக விடவில்லை என்றால் இந்த மூன்றையும் மறந்துவிட்டு, உடனே ஈசிஜி எடுக்கும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

விவசாயி கிளம்பும்போது, அடுத்த தையில் ஸ்கோர் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாமா எனக் கேட்டார். வேண்டாம் என்றேன். ஸ்டாட்டின் மென்மையான படிவை இறுகச் செய்கிறது. அதனால் மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதே ஸ்கோர் ஏறலாம். மூன்று மாதம் கழித்து எல்டிஎல் மட்டும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.