மைதாவும் கோதுமை மாவும் ஒன்றா?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். முன்பக்கம் கோதுமைக் கதிர் படம். பின்னால் பொருள்களின் வரிசையில் முதலில் நின்றது 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு (மைதா)'. "கோதுமைன்னும் போட்டிருக்கான், மைதான்னும் போட்டிருக்கான். எதை நம்புறது?" என்று கேட்டார்.

இரண்டுமே உண்மைதான். மைதாவைக் கிழங்கு மாவு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கோதுமையிலிருந்துதான் வருகிறது. ஆனால் கோதுமை முழுவதிலிருந்தும் வருவதில்லை.

ஒரு கோதுமை மணியில் வெளியே தவிடு, ஒரு முனையில் சின்னதாக முளைக்கரு, மீதியெல்லாம் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி. எடையில் தவிடு ஏழில் ஒரு பங்குதான் இருக்கும், நார்ச்சத்தில் பெரும்பகுதியோ அங்கேதான் இருக்கிறது. சம்பா கோதுமையை மில்லில் கொடுத்து அரைத்தால் மூன்றும் சேர்ந்து மாவாகும். மைதா ஆலையில் உருளைகளுக்கு நடுவே மணியை உடைத்து, சலித்து, தவிட்டையும் முளைக்கருவையும் ஒதுக்கிவிட்டு, உள் வெள்ளையை மட்டும் நைசாக எடுக்கிறார்கள்.

இலங்கைத் தமிழர்களோடு பேசும்போது இந்தப் பெயர்க் குழப்பம் இன்னும் கூடும். அங்கே கடையில் 'கோதுமை மா' என்று கேட்டால் வெள்ளை மாவைத்தான் தருவார்கள். தவிடு சேர்ந்தது வேண்டுமென்றால் 'ஆட்டா மா' என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சமையல் குறிப்பில் கோதுமை மாவை அவித்துப் புட்டு செய்யச் சொன்னால், நம்மூர்ச் சப்பாத்தி மாவை எடுத்துவிடாதீர்கள்.

சரி, எண்ணுக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 11.4 கிராம், மைதாவில் சுமார் 2.8 கிராம். நான்கு மடங்கு வித்தியாசம். புரதம் இரண்டிலும் 10 கிராமைச் சற்றே தாண்டுகிறது, பெரிய வேறுபாடு இல்லை. பழைய புத்தகங்களில் நார்ச்சத்து கோதுமை மாவில் 1.9, மைதாவில் 0.3 என்று பார்த்துக் குழம்புபவர்கள் உண்டு. அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்து, கரையாமல் மிஞ்சுவதை மட்டும் நார் என்று கணக்கிட்ட முறை அது. நாரில் பெரும்பகுதி அந்தக் கொதியிலேயே கரைந்துவிடும்.

தட்டில் வைத்துப் பார்ப்போம். 30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி என்றால், நாலு சப்பாத்திக்கு 120 கிராம் மாவு, நார்ச்சத்து 13 கிராமுக்கு மேல். அதே 120 கிராம் மைதாவில் இரண்டு பரோட்டா வரும், நார்ச்சத்து 3 கிராம் சொச்சம். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சப்பாத்தி பாதியைத் தருகிறது. பரோட்டா சாப்பிட்டவர் மீதியைக் காயிலும் பயறிலும் தேடிக்கொள்ள வேண்டும்.

பரோட்டாவுக்கு மைதாவை எடுப்பதற்குக் காரணமும் அதே தவிடுதான். மாவை வீசி விசிறும்போது கண்ணாடி போல விரிய வேண்டும். தவிட்டுத் துணுக்குகள் பசையத்தின் இழுவையை நடுநடுவே அறுத்துவிடுவதால், கோதுமை மாவு அவ்வளவு மெல்லிதாக வராது, கிழியும்.

வீட்டில் நாமே செய்யும் ஒரு தவறு உண்டு. மில்லில் அரைத்து வந்த மாவை நைஸ் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் பழுப்புத் தவிட்டை மாட்டுக்குப் போடுவது. ஒரு கிலோவில் 50 கிராம் தவிடு போனதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை இருபதில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால் தவிட்டில் நார் 40 சதவீதம் அளவுக்கு இருப்பதால் 20 கிராம் நார் போய்விடும், மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. கல், பூச்சி பார்க்கத்தான் சலிக்கிறோம் என்றால் பெரிய கண் சல்லடை போதும். சப்பாத்தி சொரசொரப்பாக வருகிறதென்றால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள். தவிடு ஊறி மாவு மெத்தென்று ஆகிவிடும்.

அப்புறம் அக்காவின் பாக்கெட். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் போட வேண்டும். மைதா முதலில், கோதுமை மாவு நாலாவது இடத்தில் என்றால் அது மைதா பிஸ்கட்தான். நார்ச்சத்து அளவு அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். பிஸ்கட்டில் மாவு 60 சதவீதம் என்று வைத்தால், முழுக்கக் கோதுமை மாவாக இருந்தால் 100 கிராமுக்கு 7 கிராமை ஒட்டி வரும், முழுக்க மைதா என்றால் 2 கிராமுக்குள் நிற்கும். தனியாகத் தவிடோ ஓட்ஸோ சேர்த்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். நிறத்தை நம்ப வேண்டாம். மைதா ரொட்டிக்கும் கேரமல் சேர்த்தால் பழுப்பு நிறம் வந்துவிடும்.

அக்காவின் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 2.1 என்று இருந்தது.