ரெண்டு கிலோ கலாகந்து, 2,400 ரூபாய் போச்சு. வளைகாப்புக்கு இனிப்பு வாங்குறவங்க படிங்க

கை நடுங்குது, ஆனாலும் இப்பவே எழுதிடுறேன். தங்கச்சி வளைகாப்புக்காக, வீட்டிலேயே செஞ்சு அனுப்புறோம்னு இணையத்துல விளம்பரம் போட்ட ஒருத்தர்கிட்ட ரெண்டு கிலோ கலாகந்து சொன்னேன். 2,400 ரூபாய், முழுசா முன்பணம்.

என்னை நம்ப வச்சது அவர் அனுப்பின வீடியோ. அகலமான இரும்புச் சட்டியில பால் கொதிச்சுச் சுண்டுது. படிகாரத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிக்கிறாங்க, பால் மெல்லத் திரியுது. பன்னீருக்கு மாதிரி வடிகட்டல. அந்தத் தண்ணியையும் சேர்த்தே கிளறிச் சுண்டவிட்டு, கடைசியில சர்க்கரை. இதுதான் சரியான முறை. பாலோட தண்ணி, திரிஞ்ச கட்டியோட சேர்ந்து வத்துறதாலதான் உள்ளே ஈரமும் மணல்மணலான பதமும் வரும். ஆழமான தட்டுல கொட்டி மூடி மெல்ல ஆறவிட்டா, சூடு உள்ளேயே நின்னு நடுப்பகுதி பழுப்பாகும். ராஜஸ்தான் ஆல்வார் மில்க் கேக்கை வெட்டினா தெரியுமே, அந்த நிறம். அவர் காட்டின துண்டுலயும் அது இருந்துச்சு. தொழில் தெரிஞ்சவங்கன்னு நினைச்சேன். அது வேற யாரோ எடுத்த வீடியோன்னு இப்பதான் புரியுது.

வந்த பெட்டியைத் திறந்தா நடு, ஓரம் எல்லாம் ஒரே வெள்ளை. கத்தி வச்சா மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு வருது. நல்ல கலாகந்து சுத்தமா வெட்டுப்படும், வெட்டின முகத்துல குருணை தெரியும், வாயில போட்டா அது நசுங்கிப் பால்சுவை விடும். இதுல இருந்த குருணை வழவழன்னு பல்லுல நின்னுது. ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணியில கொதிக்கவச்சு, நல்லா ஆறினதும் ரெண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டேன். நீலமாயிடுச்சு. பால்ல மாவுச்சத்து கிடையாது. ரவையோ மைதாவோ கலந்திருக்காங்க. ஒரு லிட்டர் கொழுப்பு நிறைஞ்ச பாலுக்குச் சுமாரா கால் கிலோதான் கலாகந்து கிடைக்கும். ரெண்டு கிலோவுக்கு எட்டு லிட்டர் பால் வேணும், அதை மிச்சம் பிடிச்சிருக்காங்க.

கேட்டா, "கூரியர்ல சூடு ஏறியிருக்கும்மா"ன்னாங்க. நீல நிறம் வந்த போட்டோவை அனுப்பினேன். "வெளியூர்ப் பதம் இப்படித்தான் இருக்கும்"னாங்க. மூணாவது நாள் என் எண்ணையே தடுத்துட்டாங்க. 2,400 ரூபாய்! வந்த முப்பது பேருக்கும் கடைசி நேரத்துல கேசரி கிண்டிக் கொடுத்தோம்.

விரிவா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. முதல்ல கால் கிலோ மட்டும் வாங்கி வெட்டிப் பாருங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீங்க. பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுங்க, நான் எடுக்கல. நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுத்திருக்கேன்.