நாட்டிய உடை தைக்கக் கொடுக்கும் பெற்றோர் கவனத்துக்கு

சலங்கை பூஜைக்காக என் ஒன்பது வயது மகளுக்குப் பட்டுப் புடவை வாங்கி, பைஜாமா மாதிரி பரதநாட்டிய உடை தைக்கக் கொடுத்தோம். ஒத்திகையில் முழுமண்டி உட்கார்ந்ததும் கவட்டைத் தையல் பிரிந்து, பட்டும் கிழிந்துவிட்டது. "வளர்ற பிள்ளை, மூணு வருஷம் போடலாம், உள்ளே துணி விட்டுத் தைக்கிறேன்" என்று சொல்லி அதற்குத் தனியாகக் காசு வாங்கியவர் அந்தத் தையல்காரர்.

அவர் அளவெடுத்தது நிற்க வைத்து மட்டும்தான். "அரைமண்டி உட்காரச் சொல்லட்டுமா?" என்று நானே கேட்டேன். "தேவையில்லை மேடம், எனக்குப் பழக்கம்" என்றார். முழங்காலை மடக்கி வெளிப்பக்கம் திருப்பும்போது இடுப்பிலிருந்து கவட்டை வழியாகப் பின்பக்கம் போகும் நீளம் அதிகமாகும். நின்று எடுத்த அளவில் அந்த நீளம் வராது. மண்டியில் டேப்பை இடுப்பின் முன்பக்கம் வைத்து, கவட்டை சுற்றிப் பின் இடுப்பு வரை பார்க்க வேண்டும். பைஜாமா நீளத்தையும் அதே நிலையில் முழங்கால் மேலாகக் கணுக்கால் வரை எடுக்க வேண்டும்.

அப்புறம் வேறொரு தையல்காரரிடம் கொண்டு போனோம். ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. பக்கத் தையலுக்கு உள்ளே கால் அங்குலம்கூடத் துணி இல்லை, ஓரமும் அடிக்கவில்லை. வளர்ச்சிக்கு என்று முதல் ஆள் செய்தது, ரவிக்கையைத் தொளதொள என்று வெட்டி அக்குளை இறக்கியதுதான். அக்குள் இறங்கினால் கையைத் தோள் உயரத்துக்கு நீட்டும்போதெல்லாம் ரவிக்கை முழுதும் மேலே ஏறும். அக்குள் ஒட்டி இருக்க வேண்டும். பக்கத் தையலுக்குள் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் மடித்து விட்டிருந்தால், பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

உடையின் முன்பக்கம் மடிப்பு வைத்துத் தைக்கும் விசிறி இன்னும் மோசம். நீளமாக இருந்தால் பல வருடம் வரும் என்று கணுக்கால் வரை விட்டிருந்தார். அரைமண்டியில் இடுப்பு இறங்கும், விசிறியும் கூடவே இறங்கும். தட்டடவில் குழந்தை அதை மிதித்துத் தடுமாறினாள். ஜரிகை பார்டர் கீழே இருப்பதால் கீழே மடித்துத் தைக்கவும் வழியில்லை. வளர்ச்சிக்கான துணியை விசிறியின் மேல்முனையில், இடுப்புப் பட்டிக்குள் மடித்து வைக்க வேண்டும், ஒட்டியாணம் மறைத்துவிடும். இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 2 அங்குலம் உயருகிறார்கள், அதில் விசிறிக்கு வேண்டியது ஒரு பங்குதான். அதனால் அங்கே 2 அங்குலம் விட்டாலே ஓரிரு வருடம் தாங்கும். மூன்று வருடம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மடிப்புகளும் குறைவு. மண்டியில் விசிறி விரிந்த பிறகும் கொஞ்சம் மடிப்பு மிச்சம் தெரிய வேண்டும். இதில் துணி தட்டையாக இழுபட்டு நின்றது. அஞ்சரை மீட்டர் புடவையில் மிச்சம் எங்கே என்று கேட்டதற்கு, "எல்லாம் மடிப்பிலே போயிடுச்சு" என்றார். பணத்தையும் திருப்பித் தரவில்லை.

கிழிந்த இடத்தில் வைக்க அதே பட்டில் ஒரு சாண் துணிகூட எங்களிடம் இல்லை. வேறு நிறத் துணியைச் சதுரமாக வெட்டிக் கவட்டையில் வைத்துத்தான் மேடையேற்றினோம். துணி கொடுக்கும்போதே மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். முழுக்காசும் கொடுக்கும் முன் கடையிலேயே உடுத்தி, முழுமண்டி உட்கார வைத்துப் பாருங்கள்.