வருங்கால வைப்பு நிதியுடன் இருபத்திரண்டு ஆண்டுகள்: என் கணக்கு வளர்ந்த விதம்

கோயம்புத்தூரில் ஒரு பம்பு உற்பத்தித் தொழிற்சாலையில் 2003 மார்ச் மாதம் வேலைக்குச் சேர்ந்தபோது என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 4,000 ரூபாய். அதில் பன்னிரண்டு சதவீதமான 480 ரூபாயை மாதந்தோறும் பி.எஃப். என்று பிடித்தார்கள். நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது என்று கேள்விப்பட்டதால், மாதம் 960 ரூபாய் சேர்கிறது என்றே எண்ணியிருந்தேன். ஓராண்டு கழித்து வந்த ஆண்டுக் கணக்குச் சீட்டில் நிறுவனத்தின் பங்கு மாதத்துக்கு 147 ரூபாய் மட்டுமே வரவாகியிருந்தது. கணக்குப் பிரிவில் விசாரித்தபோதுதான், நிறுவனம் தரும் பன்னிரண்டு சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது என்பது தெரிந்தது. அந்த வகையில் 333 ரூபாய் பிரிந்துபோக, மீதிதான் என் வைப்பு நிதியில் சேர்ந்தது. ஓய்வூதியத்துக்குச் செல்லும் அந்தத் தொகைக்கு நம் பெயரில் வட்டி ஏறாது. எத்தனை ஆண்டு பணி, எவ்வளவு சம்பளம் என்ற சூத்திரத்தின்படி அது பின்னாளில் மாத ஓய்வூதியமாகத் திரும்புகிறது. எனவே வட்டியோடு வளரும் பணம் எவ்வளவு என்று பார்ப்பவர்கள் இந்தப் பகுதியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

அந்தச் சீட்டில் என்னைக் குழப்பிய இன்னொன்று வட்டி. மாதம் 627 ரூபாய் வீதம் ஆண்டில் 7,524 ரூபாய் சேர்ந்திருந்தது. 2003-04ஆம் ஆண்டுக்கான வட்டி 9.5 சதவீதம். ஏறத்தாழ 715 ரூபாய் வரவேண்டும் என்று நான் கணக்கிட்டிருக்க, சீட்டில் 328 ரூபாய்தான் இருந்தது. உண்மையில் அதில் பிழை எதுவும் இல்லை. வட்டி ஒவ்வொரு மாத இருப்பின் மீதும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டு, ஆண்டு முடிவில் மொத்தமாக வரவு வைக்கப்படுகிறது. ஒரு மாதத்தில் வந்த தொகைக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி தொடங்கும். ஆகவே ஏப்ரலில் வந்த தொகை பதினொரு மாத வட்டியையும், மேயில் வந்தது பத்து மாத வட்டியையும் பெறுகின்றன. மார்ச்சில் வந்ததற்கு அந்த ஆண்டில் எதுவும் இல்லை. பதினொன்றிலிருந்து ஒன்று வரை கூட்டினால் 66. அதை 627ஆல் பெருக்கி, 9.5 சதவீதத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கண்டால் 328 ரூபாய் கிடைக்கும். இந்த ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டதால் பின்னர் எந்த ஆண்டின் கணக்கையும் நானே சரிபார்க்க முடிந்தது; தொடக்க இருப்புக்கு முழு ஆண்டு வட்டியும், அந்த ஆண்டின் சந்தாவுக்கு இந்த 66இன் வழியே வரும் சிறு வட்டியும் சேர்ந்ததே மொத்தம்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2008 தொடக்கத்தில் அந்த வேலையை விட்டேன். அடுத்த வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில், கணக்கில் இருந்த ஏறத்தாழ 60,000 ரூபாயைப் படிவம் 19 கொடுத்து எடுத்துவிட்டேன். ஓய்வூதியப் பகுதியையும் படிவம் 10சி வழியாகப் பெற்றுக்கொண்டேன். என்னோடு சேர்ந்து, ஏறத்தாழ என் சம்பளத்திலேயே இருந்த நண்பர் படிவம் 13 கொடுத்துத் தம் கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார். 2008-09 முதல் 2024-25 வரையிலான பதினேழு ஆண்டு வட்டி விகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கிப் பார்த்தேன். 2010-11இல் 9.5 ஆக உயர்ந்து, 2021-22இல் 8.1 வரை இறங்கிய அந்த விகிதங்களின்படி 1 ரூபாய் 4 ரூபாய்க்குச் சற்று மேலாகிறது. நண்பரின் கணக்கில் அந்தப் பழைய 60,000 ரூபாய் மட்டுமே, புதிதாக ஒரு ரூபாயும் சேர்க்காமல், 2,40,000 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்தாண்டுப் பணி தேவை என்னும் விதியில் அவருக்கு அந்த ஐந்தாண்டும் எண்ணப்பட்டன; எனக்கு எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. அன்று எனக்குப் பணத் தேவை உண்மையானதே. ஆனாலும் 60,000 ரூபாயின் விலை என்ன என்று யாராவது அப்போது காட்டியிருந்தால் வேறு வழி தேடியிருப்பேன் என்று இன்றும் வருந்துகிறேன்.

இரண்டாவது நிறுவனத்தில் மாதச் சம்பளம் 8,000 ரூபாயில் தொடங்கியது. 2014 செப்டம்பரில், ஓய்வூதியப் பங்கைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தபோது, எங்கள் பிரிவில் பலர் நிறுவனம் பணத்தைக் குறைத்துவிட்டதாகக் கோபப்பட்டார்கள். அப்போது என் சம்பளம் 12,700 ரூபாய். இரு தரப்புச் சந்தாவும் தலா 1,524 ரூபாய். முன்பு ஓய்வூதியத்துக்கு உச்சவரம்பின்படி 541 ரூபாய் போக, நிறுவனத்தின் பங்கில் 983 ரூபாய் என் நிதியில் சேர்ந்தது. உச்சவரம்பு உயர்ந்தபின் ஓய்வூதியத்துக்கு 1,058 ரூபாய் போனதால் எஞ்சியது 466 ரூபாய். நிறுவனம் கொடுத்த தொகையில் மாற்றமே இல்லை, அது பிரியும் இடம்தான் மாறியது. சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டியபின் ஓய்வூதியப் பங்கு 1,250 ரூபாயோடு நின்றுவிடுவதால், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு ரூபாய்ச் சந்தாவும் முழுமையாக வைப்பு நிதிக்கே வருகிறது. நிறுவனம் உண்மைச் சம்பளத்தின் மீது செலுத்தும் இடங்களில்தான் இது பொருந்தும். உச்சவரம்போடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களில் இரு தரப்பும் தலா 1,800 ரூபாயிலேயே நின்றுவிடும். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் அங்கே நிதி வேகமெடுப்பதில்லை. வேலையில் சேரும்போதே கேட்டறிய வேண்டிய விவரம் இது.

வட்டி வளர்வதை முதல் பத்தாண்டுகளில் நான் கண்ணால் காணவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் சந்தாவே வட்டியைவிடப் பெரிதாக இருந்தது. 2020-21இல்தான், இரண்டாம் கணக்கின் பதின்மூன்றாம் ஆண்டில், வட்டி இரு தரப்புச் சந்தாவின் கூட்டுத்தொகையை முதன்முறையாக முந்தியது. 2024 ஏப்ரலில் தொடக்க இருப்பு ஏறத்தாழ 9,25,000 ரூபாய். அவ்வாண்டு சம்பளம் 27,500 ரூபாய் என்பதால் என் பங்கு 3,300, நிறுவனத்தின் பங்கில் எஞ்சியது 2,050, ஆண்டுக்கு மொத்தம் 64,200 ரூபாய். 8.25 சதவீத வட்டி தொடக்க இருப்புக்கு 76,312 ரூபாயும், அவ்வாண்டுச் சந்தாவுக்கு 2,428 ரூபாயுமாக 78,740 ரூபாய் வந்தது. ஆண்டு முடிவில் இருப்பு 10,67,940 ரூபாய்.

இடையில் நேர்ந்த ஒரு பிழையையும் பதிவு செய்கிறேன். 2016இல் இரண்டு மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் பாஸ்புக்கில் அந்த மாதங்கள் இல்லை. ஒரு மாதத்துக்கான தொகையை நிறுவனம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும் என்பதால், இரண்டு வாரம் கூடுதலாகக் காத்திருந்துவிட்டுச் சம்பளச் சீட்டுகளோடு கணக்குப் பிரிவுக்குப் போனேன். அனுப்பிய மாதாந்தரப் பட்டியலில் என் பெயர் விடுபட்டிருந்தது. துணைப் பட்டியல் அனுப்பி அடுத்த மாதம் சரிசெய்தார்கள். உறுப்பினருக்கான பொது எண்ணும் இணையவழிப் பாஸ்புக்கும் வருவதற்கு முன்பானால் ஆண்டுச் சீட்டு வரும்வரை இது தெரிந்திருக்காது. ஆனால் வட்டி பாஸ்புக்கில் தாமதமாக ஏறுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆண்டு முடிந்து பல மாதம் கழித்தும் அது ஏறுவதுண்டு. ஏறும்போது மார்ச் இறுதி இருப்போடு சேர்த்தே அடுத்த ஆண்டு வட்டி கணக்கிடப்படுவதால் நமக்கு இழப்பில்லை. சந்தாவின் பன்னிரண்டு வரிகளும் இருக்கின்றனவா என்பதை மட்டும் ஒவ்வொரு மே மாதமும் சம்பளச் சீட்டுகளை அருகில் வைத்து எண்ணிப் பார்க்கிறேன்.